ஒரு வாரச் சமையலுக்குச் சாமான் பட்டியல் எழுதும் முறை: தருமபுரி வீடொன்றின் கணக்கு

எங்கள் எதிர்வீட்டுக்கு வேலை மாறுதலில் குடிவந்த ஆசிரியை ஒருவர், வந்த முதல் வாரத்திலேயே நான்கு முறை மளிகைக் கடைக்குப் போய்வந்தார். முதல் முறை பெருங்காயத்துக்காகவும், அடுத்த முறை கடுகுக்காகவும், மூன்றாம் முறை சோம்புக்காகவும், நான்காம் முறை தேங்காய்க்காகவும் போனதாகச் சொன்னார். “பட்டியல் எழுதித்தான் அக்கா போகிறேன், அப்படியும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது” என்றார். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், கோழி என்று பெரிய சாமான்கள் எல்லாம் இருந்தன. ஒரு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகையுமாகச் சேர்க்கிற எதுவும் இல்லை. நினைவிலிருந்து எழுதப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. குழம்பை நினைத்தால் கத்தரிக்காய் கண்முன் வந்து நிற்கிறது, அதைத் தாளித்த கடுகு வருவதில்லை.

ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான பட்டியலை அவரும் நானும் சேர்ந்து, சமையல் குறிப்புகளின் ஒவ்வொரு வரியிலிருந்தும் எடுத்து எழுதினோம். அவர் வீட்டில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன், அவர் என நான்கு பேர். கொள்முதல் ஞாயிறு காலையில்; அடுத்த சனிக்கிழமை இரவு வரை அதுவே வர வேண்டும். புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்குகிறவர்கள் பின்பற்றக்கூடிய வகையில், அன்று செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

சமையலை முடிவு செய்தல்

முதலில் ஏழு நாளுக்கான முதன்மைச் சமையலை எழுதிக்கொள்ள வேண்டும். எந்த நாளில் எது என்பதைக் காய்கறியின் ஆயுளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கீரையை வெள்ளிக்கிழமைக்கு வைத்தால், புதன்கிழமையே அது மஞ்சளாகிவிடும். அதற்காக மறுபடியும் சந்தைக்குப் போக நேரும். நாங்கள் வைத்த வரிசை இது: ஞாயிறு நாட்டுக்கோழிக் குழம்பும் ராகிக் களியும், திங்கள் கீரைக் கடைசல், செவ்வாய் பீன்ஸ் பொரியலும் தக்காளி ரசமும், புதன் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, வியாழன் முருங்கைக்காய் சாம்பார், வெள்ளி கொள்ளுக் கடைசலும் உருளைக்கிழங்கு வறுவலும், சனி தக்காளிச் சாதம். அன்றே சமைக்க வேண்டிய கறி முதலிலும், மறுநாளே தீர்க்க வேண்டிய கீரை அடுத்தும், வாரக் கணக்கில் கெடாத கொள்ளும் உருளைக்கிழங்கும் கடைசியிலும் வருவதைக் கவனியுங்கள்.

காலைச் சிற்றுண்டியையும் இதே தாளில் எழுதிவிட வேண்டும். இட்லி, தோசை, ஒரு நாள் உப்புமா, இரண்டு நாள் தேங்காய்ச் சட்னி, மற்ற நாள்களில் நிலக்கடலைச் சட்னி என்று முடிவு செய்தோம். சிற்றுண்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் பல வீடுகளில் வியாழக்கிழமை வாக்கில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தீர்ந்துபோகின்றன.

குறிப்பை வரி வரியாகப் பிரித்தல்

அடுத்த வேலை, ஒவ்வொரு சமையலுக்கும் தேவைப்படுவதை ஒரு வரிக்கு ஒரு பொருளாக எழுதுவது. குறிப்பு புத்தகத்தில் இருந்தாலும், மாமியாரின் நினைவில் இருந்தாலும் தாளில் இறக்கிவிட வேண்டும். இதில் மிகுந்த கவனம் வேண்டிய இடம், ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும் வரி. “தாளிக்கத் தேவையானவை” என்று குறிப்பில் ஒரு வரிதான் இருக்கும். அதைப் பிரித்தால் எண்ணெய், கடுகு, உளுத்தம் பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் என ஆறு பொருள்கள் வெளியே வருகின்றன. “மசாலா அரைத்து” என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. நாட்டுக்கோழிக் குழம்பில் அதைப் பிரித்தபோது மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு, தேங்காய் என்று அங்கும் ஆறு பொருள்கள் கிடைத்தன. ஆசிரியை முந்தின வாரம் மறந்த நான்கும் இந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே இருந்தன.

பெயரையும் இந்த நிலையிலேயே முழுமையாக எழுதிவிடுவது நல்லது. “கொத்தமல்லி” என்று மட்டும் எழுதினால், சந்தையில் வாங்கும் தழையா, மளிகையில் வாங்கும் விதையா, பொடியா என்பது கடைக்குப் போய் நிற்கும்போது தெரியாது. “மிளகாய்” என்பதும் பச்சை மிளகாய், வரமிளகாய், மிளகாய்த் தூள் என்று மூன்று வெவ்வேறு பொருள்கள். வெங்காயத்தைச் சின்னது, பெரியது என்று இரண்டு வரியாகத்தான் எழுத வேண்டும். அவற்றை ஒன்றாகக் கூட்டினால் கணக்கே தவறிவிடும்.

கூட்டல்

ஒரே பொருள் பல சமையல்களில் வருவதால், அவற்றை ஓரிடத்தில் கூட்ட வேண்டும். கூட்டுவதற்கு எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். ஒரு குறிப்பு “பத்து வெங்காயம்” என்கிறது, இன்னொன்று “200 கிராம்” என்கிறது, வேறொன்று “ஒரு கைப்பிடி” என்கிறது. இதற்கு ஒரு முறை மட்டும் சற்று நேரம் செலவழித்து, உங்கள் வீட்டு டம்ளரையும் உங்கள் கைப்பிடியையும் தராசில் வைத்து எடைபோட்டு, அடுக்களைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் 200 மில்லி டம்ளரில் துவரம் பருப்பு 170 கிராம் அளவுக்குப் பிடிக்கிறது. ராகி மாவு 125 கிராம்தான் பிடிக்கிறது. ஒரே டம்ளர் என்பதற்காக எடையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சின்ன வெங்காயம் ஒன்று எட்டு கிராம் என்றும், நடுத்தரத் தக்காளி ஒன்று 70 கிராம் என்றும் வைத்துக்கொண்டோம். பொருளின் பருமனைப் பொறுத்து இவை மாறும், என்றாலும் வாரக் கணக்குக்கு இவ்வளவு துல்லியம் போதும்.

சின்ன வெங்காயத்தின் கணக்கைப் பாருங்கள். கோழிக் குழம்புக்கு 200 கிராம், கீரைக்குப் பத்து வெங்காயமாக 80 கிராம், பீன்ஸ் பொரியலுக்கு 50, கத்தரிக்காய்க் குழம்புக்கு 120, சாம்பாருக்கு 160, கொள்ளுக் கடைசலுக்கு 80. மொத்தம் 690 கிராம். தோல் உரிப்பதில் கொஞ்சம் கழிவதால் 750 கிராம் என்று வைத்தோம். ஆசிரியை முந்தின வாரம் வாங்கியது அரைக் கிலோ. ஒவ்வொரு குழம்பையும் தனித்தனியே நினைக்கும்போது “கொஞ்சம் வெங்காயம்” என்றுதான் தோன்றும். ஆறு கொஞ்சங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் அது முக்கால் கிலோ என்பது தெரியும்.

பெரிய வெங்காயம் தக்காளிச் சாதத்துக்கு இரண்டு, வறுவலுக்கு ஒன்று, உப்புமாவுக்கு ஒன்று என நான்கு. அரைக் கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

தக்காளியில் எடையைக் கூட்டுவது மட்டும் போதாது, எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோழிக்கு இரண்டு, கீரைக்கு இரண்டு, ரசத்துக்கு மூன்று என்று செவ்வாய்க்கிழமை வரை ஏழு தக்காளி தேவை. அதற்குப் பிறகு கத்தரிக்காய்க் குழம்பு, சாம்பார், கொள்ளு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டும் தக்காளிச் சாதத்துக்கு ஆறுமாகப் பன்னிரண்டு. ஆகவே பட்டியலில் “தக்காளி ஒன்றரைக் கிலோ” என்று ஒரே வரியில் எழுதாமல், “பழம் அரைக் கிலோ, செங்காய் ஒரு கிலோ” என்று இரண்டு வரியாக எழுதினோம். எல்லாவற்றையும் பழமாக வாங்கியிருந்தால் சனிக்கிழமைச் சாதத்துக்கு வைத்திருந்தவை வியாழனுக்குள் கசிந்திருக்கும். பாலக்கோடும் இராயக்கோட்டையும் தக்காளிக்குப் பெயர்பெற்ற ஊர்கள் என்பதால், வரத்து மிகுந்த நாள்களில் நம் பக்கம் தக்காளி மிக மலிவாகக் கிடைக்கும். அப்போது மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று வாங்கிவிடத் தோன்றும். தொக்கு செய்யும் எண்ணம் அந்த வாரத்துச் சமையலில் எழுதப்பட்டிருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள எடையோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

தேங்காயில் வேறொரு கேள்வி எழுந்தது. கோழிக்கு அரை மூடி, பொரியலுக்குக் கால் மூடி, கத்தரிக்காய்க் குழம்புக்கு அரை மூடி, இரண்டு நாள் சட்னிக்கு ஒரு மூடி எனக் கூட்டினால் இரண்டே கால் மூடி வருகிறது. ஒரு காயில் இருப்பதோ இரண்டு மூடி. கால் மூடிக்காக இன்னொரு காய் வாங்க வேண்டுமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். பொரியலுக்குத் தேங்காய்த் துருவலுக்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவிக்கொள்ளலாம். நிலக்கடலை ஏற்கெனவே சட்னிக்காகப் பட்டியலில் இருக்கிறது. கூட்டல் தொகை, பொருள் விற்கும் அளவைச் சற்றே தாண்டி நிற்கும்போது, வாங்கும் அளவைக் கூட்டாமல் குறிப்பைத் திருத்துவதே பல வேளைகளில் சரியாக இருக்கிறது. இதை வீட்டில் உட்கார்ந்து பட்டியல் எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். சமைக்கிற நேரத்தில் துருவல் போதாமல் போன பிறகு யோசித்தால் பயனில்லை.

இருப்பைக் கழித்தல்

கூட்டிய தொகையிலிருந்து வீட்டில் இருப்பதைக் கழித்தால் வாங்க வேண்டியது கிடைக்கும். இதை நினைவை நம்பிச் செய்யக் கூடாது, டப்பாவைத் திறந்து பார்த்தே செய்ய வேண்டும். பெருங்காய டப்பா அலமாரியில் இருப்பதால் பெருங்காயம் இருக்கிறது என்று ஆசிரியை எண்ணியிருந்தார். திறந்தபோது அடியில் ஒட்டிய தூள் மட்டுமே இருந்தது.

காய்கறி, கீரை, கறி போன்றவற்றுக்குக் கழித்தல் எளிது. சின்ன வெங்காயம் 200 கிராம் கூடையில் இருந்ததால் 750-இல் கழித்து 550 தேவை என்று வந்தது. கடையில் கால் கிலோக் கணக்கில் கேட்பதே வழக்கம் என்பதால் அரைக் கிலோவா முக்கால் கிலோவா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெங்காயம் நாளும் செலவாகிற, சீக்கிரம் கெடாத பொருள். அதனால் மேல்நோக்கி முக்கால் கிலோ என்று எழுதினோம். இதே நிலை கீரைக்கோ மல்லித்தழைக்கோ வந்திருந்தால் கீழ்நோக்கியே எழுதியிருப்பேன். பருப்பில் சாம்பாருக்கும் கீரைக்கும் ரசத்துக்குமாகக் கால் கிலோவுக்குள்தான் தேவைப்பட்டது. டப்பாவில் அதைவிட அதிகமாகவே இருந்ததால் அந்த வரியை அடித்துவிட்டோம்.

கடுகு, சீரகம், மிளகு, மஞ்சள் தூள், பெருங்காயம், எண்ணெய் ஆகியவற்றை வாரந்தோறும் கிராம் கணக்கில் கூட்டிக் கழிப்பது வீண் வேலை. அவற்றுக்கு நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு வாரச் செலவுக்குப் போதுமான உயரத்தில் வெளிப்புறம் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். சரக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பட்டியலில் எழுத வேண்டும், மேலே இருந்தால் எழுதத் தேவையில்லை. இரண்டு வாரம் என்று வைப்பதற்குக் காரணம், ஒரு வாரம் கடையில் அது இல்லாமல் போனாலும் சமையல் நின்றுவிடாது என்பதே. உள்ளே தெரியாத எவர்சில்வர் டப்பாவாக இருந்தால் கோடு பயன்படாது; அவற்றைக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

புளியை இந்த வாரப் பட்டியலில் நான் சேர்ப்பதே இல்லை. நம் பக்கத்தில் மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டை நீக்கி, கல்லுப்பு சேர்த்துப் பானையில் அடைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படி வைக்காதவர்கள் புளியையும் கோடு போட்ட டப்பாக்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இடவாரியாகப் பிரித்தல்

இதுவரை எழுதியது சமையல் வரிசையில் இருக்கிறது. அதை அப்படியே கடைக்கு எடுத்துச் சென்றால் கண் மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கும்; மல்லித்தழையை வாங்கிவிட்டுச் சந்தையை விட்டு வெளியேறிய பிறகுதான் பட்டியலின் அடியில் இஞ்சி இருப்பது தெரியவரும். ஆகவே புதிய தாளில், நாம் நடக்கிற வழியின் வரிசையில் மறுபடி எழுத வேண்டும்.

எங்கள் வழி இவ்வாறு அமைந்தது. முதலில் மாவு மில். ராகியைக் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பும்போது அரைத்து வைத்திருப்பார்கள். இரண்டாவது உழவர் சந்தை. காலையில் போனால்தான் கீரையும் பீன்ஸும் தெளிவாகக் கிடைக்கும், வாசலில் அன்றைய விலையும் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது மளிகைக் கடை. பிறகு மில்லில் மாவை வாங்கிக்கொண்டு, கடைசியாகக் கறிக்கடை. கோழியை முதலில் வாங்கிவிட்டுச் சந்தையைச் சுற்றினால், வெயிலில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பையில் கிடக்கும். கூட்டத்துக்குப் பயந்து சிலர் அப்படிச் செய்கிறார்கள், நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. பால் நாள்தோறும் வீட்டுக்கு வருவதால் வாரப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று தயங்க வைக்கும் பொருள்கள் சில உண்டு. பூண்டு சந்தையிலும் கிடைக்கிறது, மளிகையிலும் கிடைக்கிறது. தேங்காயும் எலுமிச்சையும் முட்டையும் அப்படியே. “அங்கே வாங்கிக்கொள்ளலாம்” என்று சந்தையிலும், “சந்தையிலேயே வாங்கியிருப்போம்” என்று மளிகையிலும் நினைத்து, இரண்டிலும் விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆசிரியையின் தேங்காய் விட்டுப்போனதும் இப்படித்தான். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பூண்டு, தேங்காய், எலுமிச்சை மூன்றும் சந்தை, முட்டை மளிகை. கறிவேப்பிலையைக் காய் வாங்கும்போது கொசுறாகக் கொடுப்பார்கள் என்று நம்பி எழுதாமல் விடுவதும் தவறு. கொசுறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது ஒரு வரியாகவே பட்டியலில் இருக்க வேண்டும்.

அன்று நாங்கள் முடித்த பட்டியல் கீழே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் அது எந்த நாளுக்கு என்பதைக் குறித்திருக்கிறோம். பல நாள்களுக்கு வருவதற்கு “பொது” என்று எழுதினோம்.

மில்: ராகி ஒரு கிலோ, வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல (ஞாயிறு).

உழவர் சந்தை, கனமானவை: சின்ன வெங்காயம் முக்கால் கிலோ (பொது), பெரிய வெங்காயம் அரைக் கிலோ (பொது), உருளைக்கிழங்கு அரைக் கிலோ (வெள்ளி), தேங்காய் 1 (பொது).

உழவர் சந்தை, காய்: பீன்ஸ் அரைக் கிலோ (செவ்வாய்), கத்தரிக்காய் கால் கிலோ (புதன்), முருங்கைக்காய் 3 (வியாழன்), தக்காளிச் செங்காய் ஒரு கிலோ (புதன் முதல்), பச்சை மிளகாய் 100 கிராம் (பொது), இஞ்சி 50 கிராம் (ஞாயிறு, உப்புமா), பூண்டு 150 கிராம் (பொது).

உழவர் சந்தை, நசுங்குபவை: தக்காளிப் பழம் அரைக் கிலோ (செவ்வாய் வரை), சிறுகீரை 2 கட்டு (திங்கள்), மல்லித்தழை 1 கட்டு (செவ்வாய், சனி), கறிவேப்பிலை (பொது).

மளிகை, பயறு: கொள்ளு கால் கிலோ (வெள்ளி), தட்டைப்பயறு கால் கிலோ (புதன்), நிலக்கடலை அரைக் கிலோ (சட்னி, பொரியல்).

மளிகை, மற்றவை: ரவை அரைக் கிலோ (உப்புமா), சோம்பு 50 கிராம் (ஞாயிறு), பட்டை, கிராம்பு சிறு பொட்டலம் (ஞாயிறு, சனி), கடுகு 100 கிராம் (கோட்டுக்குக் கீழே), பெருங்காயம் சிறு டப்பா (கோட்டுக்குக் கீழே).

கறிக்கடை: நாட்டுக்கோழி ஒரு கிலோ, குழம்புக்கு வெட்டியது (ஞாயிறு).

சந்தைப் பகுதியை மூன்றாகப் பிரித்திருப்பதற்குக் காரணம் பைதான். வெங்காயமும் தேங்காயும் அடியில் போக வேண்டும், கீரையும் பழுத்த தக்காளியும் மேலே வர வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குகிறவர்களும் இதே முறையில், வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரை அலமாரிகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதை ஒரு முறை நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, குளிர்பெட்டியில் எடுக்க வேண்டிய தயிரையும் வெண்ணெயையும் கடைசியில் வைத்து எழுதலாம்.

கடையில்

நாள் குறிப்பு எதற்கு என்பது சந்தையில்தான் விளங்கும். அன்று கத்தரிக்காய் முற்றலாக இருந்தது. பக்கத்தில் “புதன்” என்று இருந்ததால், எந்தக் குழம்பு பாதிக்கப்படுகிறது என்பது உடனே தெரிந்தது; தட்டைப்பயறோடு சேரக்கூடிய பீர்க்கங்காயை அதற்குப் பதிலாக வாங்கினார். நாள் எழுதாத பட்டியலாக இருந்தால், கத்தரிக்காய் இல்லை என்று வெறுமனே வந்துவிட்டு, புதன்கிழமை காலையில் திகைக்க நேர்ந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் இதற்கு நேர்மாறான மாற்றமும் வரும். பச்சை அவரைக்கொட்டையும் துவரைக்காயும் சந்தைக்கு வந்து குவியும்போது, உலர்ந்த தட்டைப்பயறுக் குழம்பை யாரும் விரும்பமாட்டார்கள். அப்போது அந்த வரியை மளிகைப் பகுதியில் அடித்துவிட்டுச் சந்தைப் பகுதியில் எழுதிக்கொள்ள வேண்டும். சந்தை மளிகைக்கு முன்னால் வருவதால் இந்த மாற்றத்துக்கு இடம் இருக்கிறது.

மளிகைக் கடையில் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதே நம் பக்கத்து வழக்கம். கடைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்; இல்லாத பொருளைத் தாண்டிப் போய்விடுவார்; அதை நம்மிடம் சொல்ல மறந்தும் விடலாம். அதனால் பட்டியலின் ஒரு படியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். மேலே உள்ள மளிகைப் பகுதியில் பட்டையையும் கிராம்பையும் தனித்தனியாக எண்ணினால் ஒன்பது பொட்டலங்கள் வர வேண்டும். ஒன்று குறைந்தால் எது என்று அங்கேயே தெரிந்துவிடும், அடுத்த கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. ராகி மாவு மில்லிலிருந்து சூடாக வரும். அதை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துக் கட்டிகட்டியாகிவிடும். இரண்டாவது, ஊறவைக்க வேண்டியதைச் சமையல் தாளில் முந்தின இரவுக்கு எழுதிவிடுவது: செவ்வாய் இரவு தட்டைப்பயறு, வியாழன் இரவு கொள்ளு. சாமான் வாங்கியும் ஊறவைக்க மறந்தால், சமைக்கிற வேளையில் அது இல்லாததற்குச் சமம்தான்.

வாரத்தின் நடுவில்

குளிர்பெட்டியின் கதவில் ஒரு சிறு தாளைத் தொங்கவிட்டு, அந்த வாரத்தில் ஏதாவது ஒன்றுக்காகத் தனியே கடைக்குப் போக நேர்ந்தால் பொருளின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். குறிப்பிலேயே அந்த வரி இல்லாமல் இருக்கலாம்; அப்படியானால் குறிப்பைத் திருத்த வேண்டும். டப்பாவைத் திறந்து பார்க்காமல் விட்டிருக்கலாம். அதற்குக் கோடு ஒட்ட வேண்டும். கடையில் கொடுக்காமல் போயிருக்கலாம். பொட்டலத்தை எண்ண வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அளவு போதாமல் போயிருந்தால், கூட்டலுக்கு எடுத்துக்கொண்ட எடையை மாற்ற வேண்டும். விருந்தினர் திடீரென வந்து தீர்ந்துபோனதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

ஆசிரியையின் தாளில் முதல் வாரம் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று மல்லித்தழை: ஒரே கட்டைச் செவ்வாய்க்கும் சனிக்குமாக வாங்கியிருந்தோம், சனிக்குள் அது வாடிவிட்டது. நான்கு நாள் இடைவெளி அதற்கு அதிகம் என்பதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து தக்காளிச் சாதத்தைப் புதினாவோ தழையோ இல்லாமல் கறிவேப்பிலையோடு முடிப்பது என்று குறிப்பில் எழுதிக்கொண்டார். இன்னொன்று வரமிளகாய்: கொள்ளுக் கடைசலில் அவர் மாமியார் குறிப்பில் சொன்ன ஐந்துக்குப் பதிலாகப் பத்து மிளகாய் கிள்ளிப் போடுகிறவர் என்பது அன்றுதான் தெரியவந்தது.

“அத்தை, குறிப்பில் பத்து என்றே எழுதிவிடட்டுமா?” என்று அவர் கேட்க, “எட்டு போடு, போதும்” என்றார் மாமியார். கொள்ளுக் கடைசல் தாளில் ஐந்து அடிக்கப்பட்டு எட்டு ஏறியது. மிளகாய் டப்பாவின் பிளாஸ்டர் ஒரு விரல் அளவுக்கு மேலே நகர்த்தி ஒட்டப்பட்டது. ஏழு சமையல் தாள்களையும் ஒரு கிளிப்பில் கோத்து அலமாரியில் மாட்டிவிட்டார். அதே சமையல் மறுபடி வருகிற வாரத்தில் வரி வரியாகப் பிரிக்கும் வேலை அவருக்கு இருக்காது. தாளை எடுத்துக் கூட்டி, டப்பாக்களைத் திறந்து கழித்தால் போதும்.